மணி அடித்தும் மாத்திரை மீந்தது ஏன்?

மாதக் கடைசியில் மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்த்தால் பல வீடுகளில் ஒரு விஷயம் தெரியவரும். காலை மாத்திரை கணக்காகத் தீர்ந்திருக்கும், இரவு மாத்திரை மட்டும் மீந்திருக்கும். போனில் ரிமைண்டர் இல்லாமல் இருக்காது. தினமும் தவறாமல் மணி அடித்திருக்கும். மணி அடித்ததைக் கேட்டதாகவும் அவர்களே சொல்வார்கள். ஆனால் கை போனைத் தள்ளி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருக்கும்.

இதைக் கண்டதும் வீட்டில் இருப்பவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். இன்னொரு ரிமைண்டரை வைப்பார்கள், சத்தத்தைக் கூட்டுவார்கள், அது போதாதென்று இரவில் தாங்களும் ஒரு முறை போன் செய்து கேட்பார்கள். அடுத்த மாதமும் மாத்திரை மீந்திருக்கும், சில நேரம் முன்பைவிட அதிகமாகவே. நினைவூட்டல் கூடக் கூட மனிதர் அதைக் கவனிப்பது குறைகிறது என்பது மருத்துவமனைகள் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம். அங்கே கண்டுபிடித்த தீர்வு நம் வீட்டுப் போனுக்கும் பொருந்தும்.

தானே அடங்கிய மணிகள்

தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இதய நோய் வார்டிலும் நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய வயர்கள் ஒரு மானிட்டருக்குப் போகும். நாடித்துடிப்பு குறித்த அளவுக்கு மேலே போனாலும் கீழே இறங்கினாலும் அது ஒலிக்கும். நோயாளி புரண்டு படுத்து ஒரு வயர் தளர்ந்தாலும் ஒலிக்கும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு 2013 ஏப்ரலில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, அலாரம் தொடர்பாகத் தன்னிடம் பதிவான 98 சம்பவங்களில் 80 பேர் இறந்திருந்தார்கள் என்று அது சொன்னது. வார்டில் ஒலிக்கும் அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை மருத்துவ ரீதியாக எதுவும் செய்யத் தேவையில்லாதவை என்றும் குறிப்பிட்டது. அந்தக் கூட்டத்துக்குள் உண்மையான ஆபத்தைச் சொன்ன மணியும் கரைந்துபோனது.

பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் 2012இல் ஓர் இதய நோய் வார்டை மட்டும் எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்தார்கள். ஒரே வார்டில் வாரத்துக்குச் சுமார் 88,000 முறை அலாரம் ஒலித்துக்கொண்டிருந்தது. எவை இவ்வளவு ஒலிக்கின்றன என்று பிரித்துப் பார்த்தபோது, பெரும்பகுதி 'கவனிக்கவும்' என்ற நடுத்தர வகை அலாரங்கள் என்று தெரிந்தது. துடிப்பு எல்லையைத் தாண்டும்போது அவை சில முறை ஒலிக்கும். துடிப்பு பழைய நிலைக்கு வந்ததும் யாரும் வந்து பார்க்காமலேயே அடங்கிவிடும்.

பிரச்சினையின் வேர் இந்தத் தானே அடங்குதலில்தான் இருந்தது. ஒரு நர்ஸ் பத்து முறை ஓடிப்போய்ப் பார்த்து, பத்து முறையும் தான் சேர்வதற்குள் மணி நின்றுவிட்டால், பதினோராவது முறை கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. பொறுத்தால் போதும் என்று அந்த மணியே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அவர்கள் புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. இரண்டு காரியம் செய்தார்கள். நடுத்தர அலாரங்களில் தேவையற்றவற்றின் ஒலியை நிறுத்தினார்கள். துடிப்பு குறைவது, கூடுவது போன்ற முக்கியமானவற்றை உச்ச வகைக்கு மாற்றி, யாராவது வந்து பார்த்துக் கை வைத்தால்தான் நிற்கும்படி செய்தார்கள். கூடவே, அந்தந்த நோயாளிக்கு ஏற்றபடி எல்லை அளவை மாற்றும் அதிகாரத்தை நர்ஸ்களுக்குக் கொடுத்தார்கள். வாரத்துக்கு 88,000 என்றிருந்தது சுமார் 10,000 ஆக இறங்கியது. ஏறக்குறைய 89 சதவீதம் குறைவு. மீதமிருந்த மணி ஒவ்வொன்றும், யாராவது எழுந்து போக வேண்டிய மணியாக ஆனது.

மனம் போடும் கணக்கு

'புலி வருது' கதையில் சிறுவன் பொய் சொல்கிறான், அதனால் ஊர் அவனை நம்புவதை நிறுத்துகிறது. போன் பொய் சொல்வதே இல்லை. தண்ணீர் குடிக்கச் சொல்வதும் சரிதான், மின்கட்டணம் கட்டச் சொல்வதும் சரிதான். அப்படியும் நாம் கேட்காமல் போகிறோம். ஏனென்றால், மனம் பார்ப்பது அந்த மணி உண்மையா என்பதை மட்டுமல்ல. இந்த மணி அடித்தபோதெல்லாம் உடனே எழுந்து எதையாவது செய்ய வேண்டியிருந்ததா என்பதையும் அது பார்க்கிறது.

1990களில் ஜேம்ஸ் பிளிஸ் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் இதை அளந்து காட்டினார்கள். ஒரு வேலையில் மூழ்கியிருப்பவர்களுக்கு இடையிடையே அலாரம் கொடுத்தார்கள். நான்கில் ஒன்றுதான் உண்மையான அலாரம் என்று தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குத்தான் பதில் கொடுத்தார்கள். நான்கில் மூன்று உண்மை என்றால், நான்கில் மூன்றுக்குக் கொடுத்தார்கள். மணி எந்த அளவுக்கு நம்பத்தக்கதோ, அந்த அளவுக்கே மதிப்பு.

நியூயார்க்கில் ஜெசிக்கா ஆங்கர் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவர்களுக்குக் கணினி காட்டும் நினைவூட்டல்களைப் பற்றியது. நோயாளி ஒருவரைப் பார்க்கும் நேரத்தில் நினைவூட்டல் ஒன்று கூடினால், மருத்துவர் அவற்றை ஏற்கும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. அதே நோயாளிக்கு அதே நினைவூட்டல் திரும்பத் திரும்ப வந்தபோது ஏற்பு இன்னும் சரிந்தது. நினைவூட்டலின் பயனை நன்கு அறிந்த படித்த மருத்துவர்களுக்கே இந்த நிலை என்றால், வீட்டில் இருக்கும் அம்மாவை 'அக்கறை இல்லை' என்று கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

ஒரு வீட்டின் கணக்கு

ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 64 வயது. தைராய்டு, சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் நான்குக்கும் மாத்திரை உண்டு. மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் போனில் அவளே எல்லாவற்றையும் செட் செய்து கொடுத்திருக்கிறாள். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு. 8 மணிக்குப் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும். இரவு 8 மணிக்கு மறுபடி சுகர் மாத்திரையும் கொலஸ்ட்ரால் மாத்திரையும். ஐந்துக்கும் தனித்தனி மணி. ஒன்று தவறினாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று இரண்டாவதாக ஓர் ஆப்பிலும் அதே ஐந்து. ஆக மாத்திரைக்கு மட்டும் 10 மணி.

இவற்றோடு, தண்ணீர் குடிக்கச் சொல்லும் ஆப் காலை 8 முதல் இரவு 8 வரை மணிக்கொரு முறை, அதாவது 13 தடவை ஒலிக்கிறது. நடக்கச் சொல்வது 4. மளிகை ஆப்களின் சலுகை அறிவிப்பு 13. செய்தி 20. வாட்ஸ்அப் குடும்பக் குழுக்கள் 40. மொத்தம் 100. இதில் ஒலித்த அந்த நிமிடமே அம்மா எழுந்து செய்ய வேண்டியவை, மாத்திரை வேளை மூன்றையும் சேர்த்து, ஏழோ எட்டோதான். எல்லாம் ஒரே 'டிங்' சத்தம். மாத்திரை மணியும் தள்ளுபடி மணியும் காதுக்கு ஒன்றாக இருக்கும்போது, தள்ளுபடி மணிக்குக் கிடைக்கும் மரியாதைதான் மாத்திரை மணிக்கும் கிடைக்கும்.

மாதக் கடைசியில் எண்ணுகிறார்கள். சுகர் மாத்திரை நாளைக்கு இரண்டு, 30 நாளைக்கு 60. பதினைந்து மாத்திரை கொண்ட அட்டை நான்கும் காலியாகியிருக்க வேண்டும். 11 மீதி. ஒரே வேளையில் போடும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் 11 மீதி என்பதால், விட்டுப்போனது முழுக்க இரவு வேளைதான் என்று புரிகிறது.

இரவு 9 மணிக்கு மகள் போன் செய்கிறாள். "மாத்திரை போட்டியாம்மா?" "போட்டுட்டேன்டி, நீ சாப்பிட்டியா?" இந்தக் கேள்வியும் பதிலும் தினமும் இதே வார்த்தைகளில் வருகின்றன. அந்தப் போன் அழைப்பும் ஒரு நினைவூட்டலாகி, அதற்கும் யோசிக்காத பதில் பழகிவிட்டது.

ஏன் இரவு மட்டும் தவறுகிறது? மணி அடிப்பது 8 மணிக்கு. அம்மா சாப்பிடுவதோ சீரியல் முடிந்து 9 மணிக்கு மேல். சுகர் மாத்திரை சாப்பாட்டோடு போட வேண்டியது என்பது அவருக்குத் தெரியும். அதனால் 'இப்போ வேணாம், சாப்பிட்டுட்டுப் போட்டுக்கலாம்' என்று மணியை நிறுத்துகிறார். அந்த நொடியில் அது சரியான முடிவு. சாப்பிட்டு முடித்தபோது மணி இல்லை. மாத்திரை டப்பா உள்ளறை பீரோவில் இருக்கிறது. பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்துவிடுகிறார். பாஸ்டன் வார்டில் நடந்ததேதான் இங்கும் நடக்கிறது: எதுவும் செய்யாமலேயே மணி அடங்கிவிடுகிறது, அதனால் ஒன்றும் செய்யாமலிருப்பது பழகிவிடுகிறது.

முதலில் எண்ணுங்கள்

போனில் கை வைக்கும் முன் இரண்டு நாள் கணக்கு எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் Settings போய், மேலே உள்ள தேடல் பெட்டியில் Notification history என்று தேடி அதை ஆன் செய்தால், அதன் பிறகு 24 மணி நேரத்தில் வந்தவை எல்லாம் பட்டியலாகத் தெரியும். ஐபோனில் Screen Time பகுதியில் எந்த ஆப் எத்தனை முறை அறிவித்தது என்று இருக்கும். ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஒலித்தபோது உடனே எழுந்து ஏதாவது செய்தேனா? பாதி தடவைகூட இல்லை என்றால், அது ஒலிக்கத் தகுதியற்றது.

பிறகு எல்லாவற்றையும் மூன்றாகப் பிரியுங்கள். ஒலிக்க வேண்டியவை, சத்தமில்லாமல் வந்து காத்திருக்க வேண்டியவை, வரவே வேண்டாதவை. ஆண்ட்ராய்டில் ஓர் அறிவிப்பை விரலால் அழுத்திப் பிடித்தால் Silent என்ற தேர்வு கிடைக்கும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரே ஆப்புக்குள்ளும் வகை வகையாகப் பிரித்து நிறுத்தலாம். மளிகை ஆப்பில் சலுகை அறிவிப்பை நிறுத்திவிட்டு, 'பொருள் வந்துகொண்டிருக்கிறது' என்பதை மட்டும் வைத்துக்கொள்ள முடியும். ஐபோனில் 2021 முதல் Scheduled Summary இருக்கிறது. அவசரமில்லாதவற்றைத் திரட்டி, நாம் சொல்லும் நேரத்தில் மொத்தமாகக் கொடுக்கும். வாட்ஸ்அப் குழுக்களை Mute செய்து Always என்று வைத்தால் செய்திகள் வரும், சத்தம் வராது. விளம்பர எஸ்எம்எஸ்களை நிறுத்த 1909 என்ற எண் இருக்கிறது. இந்தியாவில் இப்போது அனுப்புநர் பெயரின் கடைசியில் P என்று இருந்தால் அது விளம்பரம் என்று அறியலாம்.

முழுக்க எல்லாவற்றையும் அணைத்துவிடலாமே என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் இந்தியாவிலேயே. நிக்கோலஸ் ஃபிட்ஸ் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இங்குள்ள 237 ஸ்மார்ட்போன் பயனாளர்கள் இரண்டு வாரம் பங்கேற்றார்கள். நாளைக்கு மூன்று முறை மட்டும் அறிவிப்புகளை மொத்தமாகப் பெற்றவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. மணிக்கொரு முறை பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. முழுக்க நிறுத்தப்பட்டவர்களுக்கோ பதற்றம் கூடியது, எதையோ தவறவிடுகிறோமோ என்ற எண்ணம் அரித்தது. ஆகவே குறைக்க வேண்டும், துடைத்து எறிய வேண்டாம். வங்கியிலிருந்து பணம் போனதைச் சொல்லும் செய்தி, கனமழை எச்சரிக்கை, இன்சுலின் போடுபவர்களுக்கு ரத்த சர்க்கரை தாழ்ந்ததைச் சொல்லும் அலாரம் ஆகியவை ஒலிக்கட்டும். அவை அரிதாக வந்தாலும், வரும்போது எழ வேண்டியவை.

மீதமுள்ள மணியைச் சரிசெய்தல்

அம்மாவின் போனில் தண்ணீர் மணி போய்விட்டது. பதிலுக்கு ஒரு லிட்டர் பாட்டில் கண்ணெதிரே வந்தது. இரண்டாவது மாத்திரை ஆப் நீக்கப்பட்டது. இரட்டை மணி பாதுகாப்பு என்று தோன்றினாலும், 'இது போனால் இன்னொன்று வரும்' என்ற தெம்பைக் கொடுத்து இரண்டையும் வலுவிழக்கச் செய்வதுதான் அதன் வேலை. மாத்திரைக்கு ஒரு மணி என்றிருந்ததை, வேளைக்கு ஒரு மணி என்று மாற்றினார்கள். பத்து மணி இப்போது மூன்று. அந்த மூன்றுக்கும் போனில் வேறு எதற்கும் இல்லாத ஒரு தனி ஒலி. காதில் விழுந்ததுமே எது என்று தெரிய வேண்டும், போனை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி இருக்கக் கூடாது.

அடுத்தது நேரம். மருந்துச் சீட்டில் 'இரவு' என்றுதான் இருக்கிறது, 8 மணி என்று இல்லை. ஒரு வாரம் அம்மா உண்மையில் எப்போது சாப்பிட உட்காருகிறார் என்று பார்த்தார்கள். 9.10 என்று வந்தது. மணியை அதற்கு மாற்றினார்கள். மாத்திரை டப்பாவைப் பீரோவிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். மணி அடிக்கும் நேரத்தில் ஆளும் மாத்திரையும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் 'அப்புறம்' என்ற சொல் வந்துவிடும்.

ஸ்னூஸ் நல்ல துப்பு கொடுக்கும். ஒரு ரிமைண்டரை ஒரே வாரத்தில் மூன்று நான்கு முறை தள்ளிப்போட்டிருந்தால், தவறு ஆளிடம் இல்லை, வைத்த நேரத்தில் இருக்கிறது. நேரத்தை மாற்றுங்கள். 'போட்டாச்சு' என்று குறிக்கும் வரை விடாமல் நினைவூட்டும் வசதி பல மருந்து ஆப்களில் உண்டு. மூன்றே மணி இருக்கும்போதுதான் அந்த வசதி உதவும். பத்துக்கும் வைத்தால், போடாமலேயே 'போட்டாச்சு' என்று தட்டிவிடும் பழக்கம் வந்துவிடும்.

அதனால்தான் போனின் கணக்கைவிட டப்பாவின் கணக்கை நம்ப வேண்டும். ஏழு நாளைக்குக் காலை, இரவு என்று கட்டம் பிரித்த மாத்திரைப் பெட்டி மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஞாயிறன்று நிரப்பி வைத்தால், இரவுக் கட்டம் காலியா, நிறைந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறை போட்டுவிடும் ஆபத்தையும் அது தடுக்கிறது. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையில் சேர்த்துப் போடக் கூடாது. என்ன செய்வதென்று ஒவ்வொரு மாத்திரைக்கும் மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். வேளைகளைக் குறைக்க வழி உண்டா என்றும் அவரிடமே கேட்கலாம். வேளை குறைந்தால் மணியும் குறையும். நாமாக நேரத்தை இடம் மாற்றக் கூடாது, ஏனென்றால் தைராய்டு மாத்திரையை மற்றவற்றோடு சேர்த்துப் போட்டால் அது உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம்.

மகள் இரவு போன் செய்வதை நிறுத்தவில்லை. மாத்திரையைப் பற்றிக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். அதற்குப் பதில் ஞாயிறு காலை, பெட்டியை நிரப்பும் முன் அம்மா அதைப் படம் எடுத்து அனுப்புகிறார். ஒரு வாரத்தின் நிலவரம் ஒரே படத்தில் தெரிந்துவிடுகிறது. தினமும் கேட்ட ஏழு கேள்விகளில் கிடைக்காத பதில் அது.

பலித்ததா என்று அறிவது எப்படி?

நான்கு வாரம் கழித்து மறுபடி அட்டையை எண்ண வேண்டும். மீதி பதினொன்றிலிருந்து ஒன்றிரண்டுக்கு இறங்கியிருந்தால் வழி சரி. இறங்கவே இல்லை என்றால் சிக்கல் மறதியில் இல்லை. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, விலை கட்டுப்படியாகவில்லை, சுகர் குறைந்துவிட்டது இனி வேண்டாம் என்று அவரே முடிவெடுத்துவிட்டார், இப்படி ஏதாவது இருக்கும். அவற்றை எந்த மணியும் தீர்க்காது, உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். நினைவூட்டல் மறதிக்கு மட்டுமே மருந்து. மனம் ஒப்பாத ஒரு காரியத்துக்கு மணி மேல் மணி வைத்தால், மணியின் மேல்தான் வெறுப்பு வரும்.

நினைவூட்டல்கள் ஒருநாளில் நூறாகிவிடுவதில்லை. ஒன்று சேர்க்க யாருக்கும் யோசனை தேவைப்படுவதில்லை, ஒன்றை நீக்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. அதனால் மருத்துவர் ஒரு மாத்திரையை நிறுத்தினால், அதற்கான மணியை அன்றே அழித்துவிட வேண்டும். நிறுத்திய மாத்திரைக்குத் தினமும் ஒலிக்கும் மணி, போட வேண்டிய மாத்திரையின் மணியையும் அலட்சியப்படுத்தப் பழக்கும். புதிதாக ஒரு ரிமைண்டர் வைக்கும்போது பழையதில் ஒன்று போக வேண்டும் என்று வீட்டில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் போனில் பிள்ளைகள் வைக்கும் மணிகளுக்கும் இது பொருந்தும். வைத்தவர்களே அடுத்த முறை ஊருக்கு வரும்போது பத்து நிமிடம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டி, "இது அடிச்சா எழுந்து போறியாம்மா?" என்று கேட்டு, இல்லை என்று சொல்வதையெல்லாம் நீக்கிவிட வேண்டும்.